படம் பிடித்த பக்கத்தில் ஒரு தண்டு இலை வரைபடம்

தண்டு இலை வரைபடம் என்பது எண்களையே கோடுகளாக அடுக்கிக் காட்டும் படம். ஒவ்வோர் எண்ணும் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. கடைசி இலக்கம் இலை. அதற்கு முன்னால் இருப்பது தண்டு. 51 என்ற எண்ணில் 5 தண்டு, 1 இலை. தண்டுகள் இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு முறை மட்டும் எழுதப்படும். அவற்றையடுத்து ஒரு நெடுங்கோடு. கோட்டின் வலப்பக்கம் அந்தந்தத் தண்டுக்குரிய இலைகள் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் நிற்கும்.

செவ்வகங்களை அடுக்கும் நிகழ்வுச் செவ்வகப் படத்தில் ஐம்பதுகளில் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். அந்தப் பத்துப் பேரின் வயதுகள் என்னென்ன என்பது செவ்வகத்துக்குள் மறைந்துபோகும். தண்டு இலை வரைபடத்தில் எந்த எண்ணும் மறைவதில்லை. வரிசையின் நீளம் கூட்டத்தின் அளவைக் காட்டுகிறது, வரிசையில் உள்ள இலக்கங்கள் அசல் எண்களைத் தருகின்றன. முகடு, இடைநிலை அளவு, வீச்சு ஆகிய மூன்றையும் தோராயமாக மதிப்பிடாமல் நேரடியாகப் படித்துவிட முடிவது இதனால்தான். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் முகட்டை ஆகாரம் என்றும், இடைநிலை அளவை இடையம் என்றும் அறிந்திருப்பார்கள்.

இந்த வரைபடத்துக்கு இன்று வழங்கும் வடிவத்தைத் தந்து பரவலாக்கியவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி. தரவுகளை ஆராய்ந்து பார்ப்பது குறித்து அவர் எழுதிய நூல் 1977-இல் வெளிவந்தது. பென்சிலும் தாளும் மட்டும் கையில் இருப்பவர் எண்களை அடுக்கியபடியே அவற்றின் போக்கைக் கண்டுகொள்ள வேண்டும் என்பது அவர் நோக்கம். ஜப்பானிய ரயில் நிலையங்களின் கால அட்டவணைகளும் ஏறக்குறைய இதே அமைப்பில்தான் இருக்கின்றன. இடப்பக்கம் மணி, அதற்கு நேரே அந்த மணிக்குள் வண்டிகள் புறப்படும் நிமிடங்கள். எந்த வரிசை நீளமோ அந்த மணியில் வண்டி அதிகம்.

புத்தகப் பக்கத்தையோ அறிக்கைத் தாளையோ கைபேசியில் படம் எடுத்து அனுப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. அப்படி வந்த படத்தில் இருக்கும் வரைபடத்தைப் படிப்பது, கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிப்பதைவிடச் சற்று வேறான வேலை. ஓர் இலக்கம் மங்கியிருக்கலாம், ஓரம் வெட்டுப்பட்டிருக்கலாம், விளக்கின் ஒளி தாளில் பட்டுப் பளிச்சிட்டு நடுவில் நான்கு எண்களை விழுங்கியிருக்கலாம். ஆனால் இந்த வரைபடத்தின் கட்டமைப்பே தவறைக் காட்டிக்கொடுக்கும் தன்மை உடையது. எதை எவ்வளவு நம்பலாம் என்று படத்தை வைத்தே கணிக்க முடியும்.

எடுத்துக்காட்டாக, பாடநூல்களில் அடிக்கடி வரும் ஒரு தரவுத் தொகுப்பு: அமெரிக்க அதிபர்கள் பதவியேற்ற வயது. 1901-இல் பொறுப்பேற்ற தியோடர் ரூசவெல்ட் 26-ஆவது அதிபர். அவரிலிருந்து 2025-இல் 47-ஆவது அதிபராகப் பதவியேற்ற டிரம்ப் வரை மொத்தம் 22 பதிவுகள். டிரம்ப் இடைவெளி விட்டு இருமுறை வந்ததால் அவருக்கு இரண்டு பதிவுகள். தொடர்ச்சியாக மீண்டும் வென்றவர்களுக்கு முதல் பதவியேற்பு மட்டும் கணக்கு. இதோ வரைபடம்:

```
4 | 2 3 6 7
5 | 1 1 1 2 4 4 5 5 6 6
6 | 0 1 2 4 9
7 | 0 8 8

5 | 1 = 51
n = 22
```

முதல் வரிசையின் 42 தியோடர் ரூசவெல்ட், 43 கென்னடி, 46 கிளின்டன், 47 ஒபாமா. கடைசி வரிசையின் 70 டிரம்பின் முதல் முறை. 78 என்று இருமுறை வருவது பைடனும், இரண்டாம் முறை வந்த டிரம்பும்.

படத்தில் முதலில் தேட வேண்டியவை கடைசி இரு வரிகள். 5 | 1 = 51 என்பது விளக்கக் குறிப்பு. அது இல்லாவிட்டால் 5 | 1 என்பது 51 வயதா, 5.1 கிலோவா, 510 ரூபாயா என்று சொல்ல வழியில்லை. n = 22 என்பது மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை. பக்கத்தைப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை மட்டும் சட்டத்துக்குள் கொண்டுவந்து, அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் இந்த இரண்டையும் வெளியே விட்டுவிடுகிறார்கள். படம் எடுப்பவரிடம் ஒன்றே ஒன்று கேட்க முடியுமானால், அந்த அடிப்பகுதியையும் சேர்த்து எடுக்கச் சொல்வதே சரி.

அடுத்த வேலை இலைகளை எண்ணுவது. 4, 10, 5, 3; கூட்டினால் 22. குறிப்பில் உள்ள n-உடன் ஒத்துப்போகிறது. சிலருக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் பின்னால் வரும் எல்லாத் திருத்தங்களும் இந்த ஒரு கூட்டலை நம்பித்தான் நிற்கின்றன. எண்ணிக்கை குறைந்தால் ஏதோ இலை காணவில்லை. கூடினால் கோட்டையோ கறையையோ இலையாகப் படித்திருக்கிறோம்.

மூன்று அளவுகளில் எளிதானது வீச்சு. மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறிய எண்ணைக் கழித்தால் வருவது அது. சிறிய எண் முதல் வரிசையின் முதல் இலை: 42. பெரிய எண் கடைசி வரிசையின் கடைசி இலை: 78. வீச்சு 36 ஆண்டுகள். மாணவர்கள் இங்கே செய்யும் வழக்கமான பிழை, தண்டைச் சேர்க்காமல் இலைகளை மட்டும் கழித்து 8 − 2 = 6 என்று எழுதிவிடுவது. தண்டுகளை மட்டும் கழித்து 3 என்பவர்களும் உண்டு. இலை தனியாக ஓர் எண் ஆகாது. தண்டோடு சேர்ந்த பிறகே அது வயதாகிறது.

வீச்சு 22 பதிவுகளில் இரண்டை மட்டுமே பார்க்கிறது. நடுவில் இருக்கும் இருபது இலைகளும் மங்கிப் போனாலும் வீச்சு சரியாகவே கிடைக்கும். மாறாக அந்த இரண்டில் ஒன்றைத் தவறாகப் படித்தால் விடை உடனே கெட்டுவிடும். ஆகவே படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதென்றால், முதலில் பெரிதாக்க வேண்டிய இடங்கள் மேல் வரிசையின் இடது முனையும் கீழ் வரிசையின் வலது முனையும்தான்.

முகடு என்பது அதிக முறை வரும் எண். ஒரே வரிசைக்குள் ஒரே இலக்கம் தொடர்ந்து எத்தனை முறை நிற்கிறது என்று பார்த்தால் போதும். இலைகள் வரிசைப்படி நிற்பதால் ஒத்த எண்கள் எப்போதும் அருகருகே இருக்கும். இங்கே ஐந்தாம் தண்டில் 1 மூன்று முறை வருகிறது. 51 வயதில் பொறுப்பேற்றவர்கள் டாஃப்ட், கூலிட்ஜ், பிராங்க்ளின் ரூசவெல்ட் ஆகிய மூவர். 54, 55, 56, 78 ஆகியவை இரண்டிரண்டு முறை மட்டுமே வருகின்றன. ஆகவே முகடு 51.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, நீளமான வரிசையை முகடு என்று சொல்லிவிடுவது. ஐம்பதுகளின் வரிசை நீளமானது என்பது அந்தப் பத்தாண்டில் கூட்டம் அதிகம் என்பதைத்தான் சொல்கிறது. அதை முகட்டு வகுப்பு எனலாம், முகடு என்பது அதற்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட எண். இரண்டாவது, வெவ்வேறு வரிசைகளில் வரும் ஒரே இலக்கத்தைக் கூட்டுவது. 6 என்ற இலக்கம் நாற்பதுகளில் ஒரு முறையும் ஐம்பதுகளில் இரு முறையும் வருகிறது, ஆக மூன்று என்று சொல்ல முடியாது. 46-உம் 56-உம் வெவ்வேறு வயதுகள்.

முகடு மூன்று அளவுகளிலும் நிலையற்றது என்பதை இதே அதிபர்களைக் கொண்டே பார்க்கலாம். வாஷிங்டன் தொடங்கி 47 பதிவுகளையும் எடுத்துக்கொண்டால் 51 ஐந்து முறை வருகிறது, 54-உம் ஐந்து முறை வருகிறது. அப்போது முகடு ஒன்று அல்ல, இரண்டு. இடைநிலை அளவு மட்டும் இரண்டு தொகுப்புகளிலும் 55 ஆகவே இருக்கிறது. வீச்சும் மாறுவதில்லை, ஏனெனில் மிக இளையவரும் மிக மூத்தவரும் 1901-க்குப் பிந்தியவர்களே. பழைய பதிவுகளில் மிகக் குறைந்த வயது 46, கிராண்ட். மிகக் கூடிய வயது 68, வில்லியம் ஹென்றி ஹாரிசன்.

வயது முடிந்த ஆண்டுகளில் எழுதப்படுகிறது என்பதும் முகட்டைப் பாதிக்கிறது. டாஃப்ட் பதவியேற்றபோது 51 வயதைக் கடந்து ஏறத்தாழ ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. மற்ற இருவருக்கும் 51 முடிந்து ஒரு மாதம்தான். மாதக் கணக்கில் எழுதியிருந்தால் மூவரும் ஒரே எண்ணில் நின்றிருக்க மாட்டார்கள். அதே போல 36 என்ற வீச்சும் நாள் கணக்கில் பார்த்தால் 36 ஆண்டுகளுக்குச் சில மாதங்கள் குறைவே. தியோடர் ரூசவெல்ட்டுக்கு 43 வயது நிறைவடைய அப்போது ஆறு வாரங்களே இருந்தன. வரைபடம் தரும் விடையின் நுட்பம் அதில் எழுதப்பட்ட எண்களின் நுட்பத்தை ஒருபோதும் தாண்டாது.

இடைநிலை அளவுதான் பொறுமை வேண்டும் அளவு. எண்களை ஏறுவரிசையில் நிறுத்தினால் சரிபாதியில் நிற்பது அது. வரைபடத்தில் எண்கள் ஏற்கெனவே ஏறுவரிசையில் நிற்கின்றன. செய்ய வேண்டியது எண்ணுவது மட்டும். எத்தனையாவது எண் என்பதை (n + 1) / 2 என்ற வாய்பாடு தருகிறது. n ஒற்றை எண்ணாக இருந்தால் ஒரே ஓர் இடம் கிடைக்கும். 47 பதிவுகளுக்கு அது 24-ஆவது இடம். இங்கே n = 22 என்பதால் 23 / 2 = 11.5 வருகிறது. 11-ஆவது, 12-ஆவது எண்களின் நடுவே என்பது இதன் பொருள். அவ்விரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும்.

முதல் வரிசையில் நான்கு பேர் முடிந்துவிட்டார்கள். ஆகவே இரண்டாம் வரிசையின் முதல் இலை ஐந்தாவது எண். அதிலிருந்து விரல் வைத்து நகர்ந்தால் 51, 51, 51, 52, 54, 54 என்று பத்தாவது எண் வரை வந்துவிடுகிறது. பதினொன்றாவது 55, பன்னிரண்டாவது 55. இரண்டும் ஒன்றே என்பதால் இடைநிலை அளவு 55. ஹார்டிங், லிண்டன் ஜான்சன் ஆகிய இருவரின் வயது அது.

இந்த விடையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கீழிருந்தும் எண்ணிப் பார்ப்பது. கடைசி வரிசையில் மூன்று, அதற்கு மேல் ஐந்து, ஆக எட்டு. ஐம்பதுகளின் வரிசையை வலமிருந்து இடமாகப் படித்தால் ஒன்பதாவது 56, பத்தாவது 56, பதினொன்றாவது 55, பன்னிரண்டாவது 55. மேலிருந்து வந்த அதே இரண்டு இலைகளில் விரல் நிற்கிறது. இரு திசைகளிலிருந்தும் எண்ணியது ஒரே இடத்தில் சந்திக்கவில்லை என்றால் எங்கோ ஓர் இலை தவறியிருக்கிறது. கீழிருந்து எண்ணும்போது வரிசையை வலது முனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை மறந்து, இடமிருந்தே எண்ணிவிடுவது அடிக்கடி நேரும் தவறு.

புள்ளியியல் மென்பொருள்கள் அச்சிடும் பக்கங்களில் இந்த எண்ணும் வேலையை ஓரளவு செய்தே கொடுத்திருப்பார்கள். டூக்கி வழியில் தண்டுக்கு இடப்பக்கம் இன்னொரு பத்தி இருக்கும். Minitab அச்சிடும் வரைபடத்தில் இதைக் காணலாம். மேற்கண்ட தரவுக்கு அது இப்படி அமையும்:

```
  4   4  2367
(10)  5  1112445566
  8   6  01249
  3   7  088
```

இடது ஓரத்து எண்கள் ஆழம் எனப்படும். மேல் பாதியில் அவை மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்த எண்ணிக்கை. கீழ்ப் பாதியில் கீழிருந்து கூட்டிக்கொண்டே போன எண்ணிக்கை. எட்டு என்பது மூன்றும் ஐந்தும் சேர்ந்தது. இடைநிலை அளவு எந்த வரிசையில் விழுகிறதோ அதற்கு மட்டும் அந்த வரிசையின் இலை எண்ணிக்கை அடைப்புக்குறிக்குள் வரும். அடைப்புக்குறி எண்ணை அதற்கு நேர் மேலும் நேர் கீழும் உள்ள எண்களோடு கூட்டினால் மொத்தம் கிடைக்க வேண்டும்: 4 + 10 + 8 = 22. பக்கத்தின் அடியில் n வெட்டுப்பட்டிருந்தாலும் இந்த மூன்று எண்களிலிருந்து அதை மீட்டுவிடலாம்.

நன்மையோடு ஓர் ஆபத்தும் இதில் இருக்கிறது. இத்தகைய அச்சில் நெடுங்கோடு இருக்காது. படத்தில் இடது ஓரம் நெருக்கமாக விழுந்திருந்தால் ஆழப் பத்தியைத் தண்டு என்று எண்ணிப் படித்துவிட நேரும். தண்டுகள் 4, 5, 6, 7 என்று சீராகக் கீழே இறங்குபவை. ஆழ எண்கள் நடுவரை ஏறிப் பிறகு இறங்கும். எந்தப் பத்தி சீராக ஒன்று ஒன்றாக ஏறுகிறதோ அதுவே தண்டு.

இனி படம் மோசமாக இருந்தால் என்ன செய்வது என்று பார்க்கலாம். இலைகள் ஏறுவரிசையில் நிற்கின்றன என்ற ஒரே விதி இங்கே பெரிய உதவி. மங்கிய இலக்கம் ஒன்று, தன் இடது பக்கத்து இலைக்குக் குறைவாகவும் இருக்க முடியாது, வலது பக்கத்து இலைக்கு மேலாகவும் இருக்க முடியாது. ஐம்பதுகளின் வரிசை இப்படித் தெரிகிறது என்று கொள்வோம்:

```
5 | 1 1 1 2 4 4 ? 5 6 6
```

மங்கிய ஏழாவது இலை 4 ஆக இருக்கலாம், இல்லையேல் 5. வேறு எதுவும் அங்கே பொருந்தாது. அது 5 என்றால் விடைகள் முன்பு கண்டபடியே. அது 4 என்றால் 11-ஆவது எண் 54, 12-ஆவது 55, இடைநிலை அளவு 54.5. முகட்டிலும் மாற்றம் வரும்: 51 மூன்று முறை, 54-உம் மூன்று முறை, ஆக இரண்டு முகடுகள். வீச்சுக்கு எதுவும் ஆகாது. இடைநிலை அளவு 54.5 அல்லது 55, வீச்சு 36 நிச்சயம், முகடுகளில் 51 நிச்சயம், 54 ஐயம் என்று நேர்மையாக எழுதிவிடலாம். ஓர் இலக்கம் தெரியவில்லை என்பதற்காகப் பக்கத்தையே ஒதுக்க வேண்டியதில்லை.

ஒளிப் பளிச்சீடு நடுவில் நான்கு இலைகளை மறைத்திருந்தால் நிலைமை சற்றுக் கடினம்.

```
5 | 1 1 1 2 ? ? ? ? 6 6
```

நான்கு இலைகள்தான் மறைந்தன என்று எப்படித் தெரியும்? ஒழுங்காக அச்சிட்ட வரைபடத்தில் ஒவ்வோர் இலைக்கும் ஒரே அகலம். தெரியும் இலைகளுக்கு இடையிலான இடைவெளியை அளவுகோலாக வைத்து வெள்ளைத் திட்டை அளந்தால் எண்ணிக்கை வந்துவிடும்; மொத்தம் 22 என்ற குறிப்பும் அதையே சொல்லும். இடைநிலை அளவுக்கு வேண்டிய 11, 12-ஆவது இடங்கள் இரண்டும் இப்போது மறைந்த பகுதியில் விழுகின்றன. ஆகவே அது 52-க்கும் 56-க்கும் இடையே என்றுதான் சொல்ல முடியும். முகட்டைச் சொல்லவே முடியாது, மறைந்த நான்கும் ஒரே எண்ணாக இருந்துவிடக் கூடும். வீச்சு இப்போதும் 36.

ஏறுவரிசை விதி தவறாகப் படித்த இலக்கத்தையும் பிடித்துவிடும். சாய்ந்த எழுத்தில் 1-ஐ 7 என்று படிப்பது எளிது. வரிசை 7 1 1 2 என்று தொடங்கினால் ஏழிலிருந்து ஒன்றுக்கு இறங்குவது உடனே கண்ணில் படும். தண்டுக் கோட்டையே 1 என்று எண்ணுவதும் உண்டு. அப்படிப் படித்தால் எல்லா வரிசைகளும் 1-இல் தொடங்கும், மொத்தம் 26 ஆகிவிடும், அறுபதுகளின் வரிசை 1 0 1 2 4 9 என்று ஏறுவரிசையை மீறும்.

இந்த விதி பலவீனப்படும் இடம் வரிசைகளின் முனைகள். அங்கே ஒரு பக்கத்தில்தான் அண்டை இலை இருக்கிறது. கடைசி வரிசையின் 0 8 8 என்பதை 0 6 6 என்று படித்தாலும் ஏறுவரிசை குலையாது, எண்ணிக்கையும் மாறாது. ஆனால் வீச்சு 34 ஆகிவிடும். மங்கிய படத்தில் 6-உம் 8-உம் ஒன்று போலவே இருக்கும். மேல் வரிசையின் முதல் இலை மங்கியிருந்தால், அது 3-க்கு மேல் போகாது என்பது மட்டும் உறுதி. 40 முதல் 43 வரை எதுவும் ஆகலாம் என்பதால் வீச்சு 35 முதல் 38 வரை இருக்கும். முன்பு சொன்னபடி, அந்த இரு மூலைகளைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

எல்லாவற்றிலும் கொடியது அடிவரிசை முழுவதும் வெட்டுப்படுவது. எழுபதுகளின் வரிசை படத்துக்குள் வராமல் போனால் மிஞ்சியவை ஒழுங்கான வரைபடம் போலவே தோன்றும். மங்கலும் இல்லை, வரிசைக் குலைவும் இல்லை. 19 பதிவுகளை வைத்துக் கணக்கிட்டால் முகடு 51 ஆகவே இருக்கும். இடைநிலை அளவு 10-ஆவது எண்ணுக்கு, அதாவது 54-க்கு நகரும். வீச்சு 69 − 42 = 27 என்று சுருங்கும்; 69 ரீகனின் வயது. இந்தப் பிழையைக் காட்டிக்கொடுப்பது n ஒன்றுதான், அல்லது ஆழப் பத்தி. ஆழப் பத்தி உள்ள பக்கத்தில் அறுபதுகளின் வரிசையில் இலைகள் ஐந்து இருக்க, இடப்பக்கம் 8 என்று நிற்கும். அதற்குக் கீழே இன்னும் மூன்று இலைகள் இருந்தாக வேண்டும் என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

புத்தகம் விரிந்து நடுவில் வளைந்திருக்கும் பக்கங்களில் வரிசைகள் ஒரு புறமாக மேலேறும். அப்போது ஐந்தாம் தண்டின் நேரே பார்த்து ஆறாம் வரிசையின் இலைகளைப் படித்துவிடும் வாய்ப்பு உண்டு. படத்தின் குறுக்கே ஒரு தாளின் நேர் விளிம்பை வைப்பதைவிட, தண்டிலிருந்து தொடங்கி இலை இலையாக வளைவைப் பின்பற்றிப் போவது பாதுகாப்பானது. இலையே இல்லாத தண்டு வந்தாலும் அதைத் தாண்டக் கூடாது. அந்த வெற்று வரிசை, அந்தப் பத்தில் யாரும் இல்லை என்ற செய்தியைச் சொல்கிறது.

அச்சில் ஒரே தண்டு இருமுறை வருவதும் உண்டு. இலைகள் நெருக்கமாக இருந்தால் முதல் 5-க்கு நேரே 0 முதல் 4 வரையிலும், இரண்டாம் 5-க்கு நேரே 5 முதல் 9 வரையிலும் பிரித்து எழுதுவார்கள். அச்சுப்பிழை என்று எண்ணிவிடக் கூடாது. இரு வரிசைகளையும் தொடர்ச்சியாகப் படித்தால் மூன்று அளவுகளும் மாறாமல் வரும். ஒரே தண்டுக்கு இருபுறமும் இலைகள் இருக்கும் இரட்டை வரைபடத்தில் இடப்பக்க இலைகள் தண்டிலிருந்து வெளியே போகப் போகப் பெரிதாகும். அந்தப் பக்கத்தை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

எதிர்மாறான வடிவம் ஒன்றுதான் அனுபவம் உள்ளவரையும் ஏமாற்றக் கூடியது. R மென்பொருளின் `stem()` கட்டளை, பதிவுகள் பரவலாக இருக்கும்போது இரண்டு பத்துகளை ஒரே தண்டில் சேர்த்துவிடுவது உண்டு. அப்போது தண்டுகள் 4, 6 என்று ஒன்று விட்டு ஒன்றாக வரும். நான்காம் தண்டில் நாற்பதுகளின் இலைகளும் ஐம்பதுகளின் இலைகளும் அடுத்தடுத்து நிற்கும்:

```
4 | 23671112445566
6 | 01249088
```

இதில் 4-க்கு நேரே இருக்கும் எல்லாவற்றையும் நாற்பதுகள் என்று படித்தால் முகடு 41 என்றும், இடைநிலை அளவு 45 என்றும், வீச்சு 68 − 42 = 26 என்றும் மூன்றுமே தவறாக வரும். எண்ணிக்கை 22 சரியாகவே இருக்கும் என்பதால் கூட்டல் சோதனை இதைப் பிடிக்காது. பிடிப்பது இரண்டு அடையாளங்கள். தண்டுகளில் 5 காணவில்லை. இலைகள் 7-லிருந்து 1-க்கும், அடுத்த வரிசையில் 9-லிருந்து 0-வுக்கும் திடீரென இறங்குகின்றன. அந்த இறக்கம் நிகழும் இடமே அடுத்த பத்து தொடங்கும் இடம். அங்கே ஒரு கோடு போட்டுப் பிரித்துக்கொண்டால் 51, 55, 36 என்ற பழைய விடைகள் திரும்பக் கிடைக்கும்.

இந்தக் கட்டளை விளக்கக் குறிப்பையும் தனக்கே உரிய முறையில் எழுதுகிறது. வரைபடத்தின் தலையில் `The decimal point is 1 digit(s) to the right of the |` என்ற வரி வரும். கோட்டுக்கு வலப்பக்கம் ஓர் இலக்கம் தள்ளித்தான் தசமப்புள்ளி என்பது அதன் பொருள். ஆகவே 4 | 2 என்பது 42. அந்த வரியில் `at the |` என்று இருந்தால் 4 | 2 என்பது 4.2 ஆகிவிடும். விளக்கக் குறிப்பு படத்தின் மேல் ஓரத்தில் இருக்கும் வகை இது என்பதால், R அச்சிட்ட பக்கமாக இருந்தால் அடியை மட்டும் அல்லாமல் தலையையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும்.

குறிப்பு எங்குமே கிடைக்காத படத்திலும் முழுத் தோல்வி இல்லை. எந்த இலை முகடு, எந்த இரண்டு இலைகளுக்கு நடுவே இடைநிலை அளவு, எந்த இலைகளுக்கு இடையே வீச்சு என்ற இடங்கள் மாறுவதில்லை. 51, 55, 36 என்பவை 5.1, 5.5, 3.6 ஆகலாம், 510, 550, 360 ஆகலாம். மூன்றும் ஒரே மடங்கில்தான் மாறும். பத்தால் பெருக்கும் வகையாக இருந்தால் கடைசி இலக்கம் வெட்டி எழுதப்பட்டிருக்கவும் கூடும். 513-உம் 517-உம் ஒரே 5 | 1 ஆக நிற்கும். அத்தகைய வரைபடத்தில் காணும் முகடு அசல் எண்களின் முகடாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இடைநிலை அளவில் பத்துக்கும் குறைவான பிழையே வரும். வீச்சிலும் கூடவோ குறையவோ பத்தை எட்டாது.